மாடிப்படி விளக்குகளின் ஞாயிற்றுக்கிழமைப் பட்டினி

அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவர் லிஃப்ட் ஓட்டிப் பார்த்ததே இல்லை. பழைய கட்டடம், ஐந்து மாடி. கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட் இருந்த காலத்தில் அதற்குள் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பித்தளைப் பிடியை இந்தப் பக்கம் திருப்பினால் ஊரே மேலே போகும், அந்தப் பக்கம் திருப்பினால் கீழே வரும். ஒரு மந்திரிக்குக்கூட அவ்வளவு அதிகாரம் கிடையாது என்பது அவருடைய எண்ணம். வாடகை பாக்கி வைத்தவரை "கொஞ்சம் இருங்க, பெரியவங்க வர்றாங்க" என்று நிறுத்தி வைப்பார். பெரியவங்க யாரும் வரமாட்டார்கள்.

பிறகு பட்டன் வைத்த லிஃப்ட் வந்தது. அழுத்தத் தெரிந்த விரல் இருந்தால் போதும், ஆள் வேண்டாம். வீட்டுக்காரர்கள் சங்கம் அவரை அனுப்பிவிடவில்லை. மாடிப்படியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. பதினெட்டு வருடம் யாரையும் படியேற விடாமல் பார்த்துக்கொண்ட மனிதருக்குப் படிக்கட்டு உத்தியோகம். அவர் மனைவிக்கு அதை நினைத்தாலே சிரிப்பு வரும்.

"இத்தன வருஷம் ஒரு படி கூட மிதிக்காம சம்பாதிச்சீங்கல்ல, இப்ப வட்டியும் மொதலுமா மிதிங்க" என்பாள்.

வேலையோடு ஒரு அறையும் கிடைத்தது. தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில். கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். அந்தப் பக்கம் நிமிர்ந்தால் தலை இடிக்கும். கட்டில் ஒன்று, அடுப்பு ஒன்று, ஜன்னல் ஒன்று. வேலை போனால் அறையும் போகும். இது எழுதிக் கையெழுத்துப் போட்டதல்ல, ஆனால் இருவருக்கும் தெரியும். வெளியே அந்த அறை அளவுக்கு ஒன்றை வாடகைக்குப் பிடிக்க அவர் இன்னொரு ஆளாகவும் சேர்ந்து பிறந்து சம்பாதித்திருக்க வேண்டும்.

மின்வெட்டு பெரிதாக ஆரம்பித்த வருடம் அந்தப் படிக்கட்டுக்கு மதிப்பு கூடியது. முன்பெல்லாம் கரண்ட் போனால் ஒரு கொட்டாவி விடுவதற்குள் வந்துவிடும். இப்போது போனால் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். லிஃப்ட் நின்றுவிடும். படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. பகலிலேயே அரைகுறை இருட்டு. சங்கத்தின் செகரட்டரி அம்மா, மூன்றாவது மாடியில் இருப்பவர், எதையும் இரண்டு முறை யோசித்து மூன்று முறை சொல்பவர், எல்லாப் படித்திருப்பத்துக்கும் எல்லா வராந்தாவுக்கும் எமர்ஜென்சி லைட் வாங்கிப்போட்டார். வெள்ளைப் பெட்டி, நெற்றியில் இரண்டு எல்இடி கண், உள்ளே செங்கல் கனத்துக்கு ஒரு சின்ன ஈய பேட்டரி, கடையில் லெட் பேட்டரி என்பார்கள். பக்கத்தில் இருக்கும் பிளக்கில் செருகி வைத்துவிட்டால் கரண்ட் இருக்கும்வரை சத்தமில்லாமல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். கரண்ட் நின்ற நொடியில் தானாகக் கண்ணைத் திறக்கும். ஒன்று மிச்சமாக வந்தது. அதை லிஃப்ட்காரரின் அறைக்குக் கொடுத்தார்கள்.

லிஃப்ட்காரர் அந்த விளக்குகளைப் பெற்ற பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொண்டார். கெடுத்ததும் அப்படித்தான்.

வாரத்தில் ஒருநாள் துணியால் துடைப்பார். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் டெஸ்ட் பட்டன் இருக்கும். துடைப்பக் கட்டையின் நுனியால் அதைக் குத்துவார். விளக்கு பளிச்சென்று எரியும். "நல்லாருக்கு" என்று அடுத்ததற்குப் போவார். மாடி மாடியாகக் குத்திக்கொண்டே ஏறிப்போகும் அவரைப் பார்த்து இரண்டாவது மாடிப் பல் டாக்டர், "லிஃப்ட்காரரே, நானும் இப்படித்தான் தட்டிப் பாப்பேன். ஆனா தட்டினப்ப வலிக்கலன்னா பல்லு நல்லாருக்குன்னு அர்த்தமில்ல" என்று ஒருநாள் சொன்னார். பல்லையும் விளக்கையும் ஒன்றாகப் பேசுகிற மனிதரிடம் என்ன பேசுவது என்று லிஃப்ட்காரர் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் துடைப்பதும் குத்துவதும் மட்டும் அவருக்குப் போதவில்லை. பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்பது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. மனைவியின் தம்பி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பேட்டரி என்றால் அவன்தான் குடும்பத்துக்கு வைத்தியன்.

"மாப்ள, எப்பப் பாத்தாலும் சொருகியே வெச்சிருக்கோமே, ஊதிக்காதா?"

"ஊதிக்கும் மாமா" என்றான் அவன், யாருடைய போனையோ பிளந்துகொண்டே. "எப்பவும் தின்னுக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் தொப்ப வராது. அப்பப்ப முழுசா எறக்கி, மறுபடி முழுசா ஏத்தணும். அப்பதான் பேட்டரி சுறுசுறுப்பா இருக்கும். அந்தக் காலத்து போனெல்லாம் அப்படித்தான் வெச்சிருப்போம்."

அந்தக் காலத்துப் போனுக்குள் இருந்தது வேறு பேட்டரி, இந்தப் பெட்டிக்குள் இருப்பது வேறு என்பது அவனுக்குத் தோன்றவில்லை. லிஃப்ட்காரருக்கோ கேட்டதும் பிடித்துவிட்டது. வாழ்க்கையில் சோம்பேறிகளைத் தவிர வேறு யாரையும் அவர் வெறுத்ததில்லை. பேட்டரி சோம்பேறியாவதா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பட்டினி ஆரம்பமாயிற்று. காலையில் ஆட்கள் வீட்டைவிட்டு வெளியே வராத நேரமாகப் பார்த்து மீட்டர் அறையில் மாடிப்படி லைனின் சுவிட்சை இறக்கிவிடுவார். கரண்ட் போய்விட்டதாக நினைத்து எல்லா விளக்கும் எரியும். எரிந்து எரிந்து மங்கி, கடைசி விளக்கும் அணைகிறவரை விடமாட்டார். அணைந்த பிறகும் "உள்ள கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும்" என்று ஒரு மணி நேரம் அப்படியே போட்டுவைப்பார். மத்தியானத்துக்குப் பிறகுதான் சுவிட்சை ஏற்றுவார். காலியான பேட்டரி நிறைய ஒரு ராத்திரி முழுக்க வேண்டும், அதற்கு மேலும் வேண்டும். மறுநாள் குத்திப் பார்த்தால் எல்லாம் எரியும். தன் வைத்தியம் பலிப்பதாக அவர் மகிழ்ந்தார்.

தங்கள் அறையில் இருந்த விளக்குக்கும் பட்டினி போடப் பார்த்தார். மனைவி விடவில்லை.

"அத தொடாதீங்க. நான் எண்ணெய்ச் சட்டியோட நிக்கறப்ப கரண்ட் போனா உங்க கண்ணு வெளிச்சத்துலயா சமைப்பேன்?"

"கெட்டுப்போயிடும்டி. திங்கிறதும் தூங்கிறதுமா வெச்சிருக்க."

"உங்களையும் அப்படித்தான வெச்சிருக்கேன். நீங்க கெட்டுப்போகலையே."

அவள் அதை அடுப்புச் சூடு படாமல் ஜன்னல் பக்கம் மாட்டி, பிளக்கில் செருகி, அதன்பிறகு அதை மறந்துவிட்டாள்.

படிக்கட்டு விளக்குகள் ஒரு வருடம் முடியுமுன்பே சுருண்டன. அரை மணி நேரம் தாங்கவில்லை. கம்பெனி மட்டம் என்றார் லிஃப்ட்காரர். எலி என்றார். நாலாவது மாடிக்காரர்கள் கதவை அடித்துச் சாத்துவதால் உள்ளே ஒயர் ஆடிவிடுகிறது என்றுகூடச் சொன்னார். செகரட்டரி அம்மா மூன்று முறை யோசித்து எல்லாவற்றுக்கும் புதுப் பேட்டரி வாங்கச் சொன்னார். மச்சினன்தான் வாங்கிக்கொடுத்தான், நல்ல சரக்காகவே கொடுத்தான். லிஃப்ட்காரர் இந்த முறை முன்னைவிடக் கண்டிப்பாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விடவில்லை.

அவையும் படுக்க ஆரம்பித்தபோது சங்கத்துக்குப் பொறுமை போயிற்று. ஒரு சர்வீஸ் கம்பெனியிடம் கட்டடத்தையே ஒப்படைத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. கம்பெனி ஆட்களை அனுப்பும். அவர்கள் வந்துவிட்டுப் போவார்கள். படிக்கு அடியில் யாரும் குடியிருக்கத் தேவையில்லை.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஐந்தாவது மாடிப் பொது ஹாலில். கம்பெனியிலிருந்து ஒருவர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தார். பேட்டரி கொடுத்தவன் என்பதால் மச்சினனையும் வரச்சொல்லியிருந்தார்கள். லிஃப்ட்காரர் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்று காலையும் அவர் பட்டினி போடத் தவறவில்லை. கூட்டத்தன்று பேட்டரிகள் சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஒரு மணி நேரம் போட்டிருந்தார்.

செகரட்டரி அம்மா எழுந்து தொண்டையைக் கனைத்தபோது கரண்ட் போயிற்று.

ஹாலுக்குப் பெரிய ஜன்னல்கள் உண்டு. சாயங்கால வெளிச்சம் இருந்தது. யாரும் அசையவில்லை. வெளியே படிக்கட்டில் விளக்குகள் எரிய ஆரம்பித்து, கதவுக்கு அடியில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. லிஃப்ட்காரர் அந்தக் கோட்டைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செகரட்டரி அம்மா வரவேற்றார். வரவேற்றதை விளக்கினார். கம்பெனிக்காரர் பேசினார். கோடு பழுப்பாயிற்று. பல் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். கேள்வி சின்னது, பதில் பெரியது. கோடு இப்போது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. சீக்கிரம் முடியுங்கள் என்று எழுந்து கத்தவேண்டும்போல் அவருக்கு இருந்தது. தன்னை வீட்டைவிட்டு அனுப்புவது பற்றிய பேச்சைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி அவரே எப்படிக் கேட்பது. ஜன்னலில் வெளிச்சம் போய், முகங்கள் மறைந்து, "சரி, மிச்சத்த கீழ போய்ப் பேசிக்கலாம்" என்று செகரட்டரி அம்மா கதவைத் திறந்தபோது படிக்கட்டு கிணறாக இருந்தது.

"ஒண்ணுகூடவா எரியல" என்றது ஒரு குரல்.

செல்போன் டார்ச்சுகள் எரிந்தன. ஒருவர் வெளிச்சம் இன்னொருவர் கண்ணில் அடித்தது. நாலாவது மாடியைத் தாண்டும்போது தடாலென்று ஒரு சத்தம்.

"யாரு விழுந்தது?"

"யாரும் விழல" என்றார் செகரட்டரி அம்மா கீழேயிருந்து. "நான் உக்காந்திருக்கேன்."

கணுக்கால் பிசகியிருந்தது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அந்தக் குறுகலான திருப்பத்தில் கூட்டம் நின்றது. அப்போது கீழேயிருந்து ஒரு வெளிச்சம் ஏறி வந்தது. சுவர், கைப்பிடி, படியின் ஓரம் எல்லாம் வெளுத்துத் தெரிந்தன. லிஃப்ட்காரரின் மனைவி தன் சமையல் விளக்கைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சத்தம் கேட்டுச்சு" என்றாள். "மூணாவது மாடி அம்மா குரல் மாதிரி இருந்துச்சு."

பல் டாக்டர் கணுக்காலைப் பிடித்துப் பார்த்தார். எலும்பு முறியவில்லை என்றார். அவர் படித்தது வேறு எலும்பு என்பதால் செகரட்டரி அம்மா முழுதாக நம்பவில்லை. கம்பெனிக்காரர் விளக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் அதே மாடல்தானே? எப்ப பேட்டரி மாத்தினீங்க?"

"எதுக்கு மாத்தணும்? எல்லாத்தோடயும் சேந்து வந்தது, அப்படியே இருக்கு."

"ரெண்டு வருஷம் ஆகப்போகுதே. என்ன பண்ணீங்க இத?"

"ஒண்ணும் பண்ணல. இவர் கைக்குப் போகாம பாத்துக்கிட்டேன்."

சிரிப்பு எழுந்தது. லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை.

"எப்பவும் சொருகியே வெச்சிருப்பீங்களா?" என்றார் கம்பெனிக்காரர்.

"ஆமா. பச்ச லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கும்."

"அதான். லெட் பேட்டரிக்கு வயிறு நெறஞ்சே இருக்கணும்மா. சுத்தமா எறக்கினா அதுக்கு ஆயுசு போகும். எறக்கி அப்படியே வெறும் வயித்தோட போட்டு வெச்சா சீக்கிரமே போகும்." சொல்லிவிட்டுச் செத்துக்கிடந்த சுவர் விளக்கை டார்ச்சால் காட்டினார். "ஆனா இதுங்க புதுசு போட்டு ஆறேழு மாசந்தானே ஆச்சு. அப்ப சரக்கே மட்டம். சப்ளை பண்ணது யாரு?"

எல்லா டார்ச்சும் மச்சினன்மேல் திரும்பின. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என் சரக்கு நல்ல சரக்குங்க. நாலு கடைக்குப் போட்டிருக்கேன், ஒருத்தரும் கொற சொன்னதில்ல" என்றான்.

"உக்காந்தவ நான்" என்றார் செகரட்டரி அம்மா. "நான் சொல்றேன் கொற."

லிஃப்ட்காரருக்கு அந்தப் படித்திருப்பத்தில் நின்றபடியே எல்லாம் விளங்கிற்று. ஒரே நாளில் வந்த பெட்டிகள், ஒரே கரண்ட். தின்று தூங்கியது பிழைத்தது. தான் சுறுசுறுப்பாக்கியவை இரண்டு தலைமுறையாகச் செத்தன. குத்திப் பார்த்தபோது அவை எரிந்ததெல்லாம் ஒரு நொடிக்குத்தான். அந்த ஒரு நொடிக்குச் சாகப்போகிற பேட்டரிகூடச் சிரித்துவிடும். பல் டாக்டர் சொன்னது அதுதான். இது வேறு யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மச்சினன் திருடனாவான், தான் தப்பிப்பார், அறை தப்பிக்கும். நல்ல ஏற்பாடு. மச்சினனைத் திருடன் என்று நிரூபிக்க அவர் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவர்.

அவன் நின்ற நிலைதான் கெடுத்தது. டார்ச் வெளிச்சத்தில் அவன் காது இரண்டும் பெரிதாக, அவன் அக்காவின் காது மாதிரியே தெரிந்தன.

"பேட்டரி மேல தப்பில்ல" என்றார் லிஃப்ட்காரர். "நான்தான் கொன்னேன்."

டார்ச்சுகள் இப்போது அவர் பக்கம் வந்தன.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மெயின எறக்கி, அணையற வரைக்கும் எரிய விடுவேன். இன்னிக்கும் விட்டேன். நேத்து கரண்ட் போயிருந்தா கொஞ்ச நேரமாவது எரிஞ்சிருக்கும். இன்னிக்கு வயித்துல ஒண்ணுமே இல்ல."

"எதுக்கு?" என்றார் செகரட்டரி அம்மா. அவர் ஒரே முறை கேட்டது அதுதான்.

"சோம்பேறியாயிடும்னு நெனச்சேன்."

யாரோ சிரிப்பை அடக்கி, அது மூக்கு வழியாக வந்தது. மச்சினன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய அக்கா அவனைப் பார்த்தாள்.

"டேய், இவருக்கா தோணின புத்தி இல்ல இது. யாரு சொல்லிக் குடுத்தா?"

"அக்கா, நான் போன் பேட்டரிக்குச் சொன்னேன்..."

"வீட்டுக்கு வா."

பல் டாக்டர், "ஒத்துக்கிட்டதுக்காக மெடல் குத்த முடியாது. ஒத்துக்கிட்டா விழுந்த பல்லு மொளைக்காது" என்றார்.

"யாரும் விழல" என்றார் செகரட்டரி அம்மா. கால் வலியோடு கம்பெனிக்காரரிடம் திரும்பினார். "உங்க ஆளு வந்தா விளக்க எப்படிப் பாப்பார்?"

"மாசம் ஒரு தடவ வந்து எல்லா பட்டனையும் அழுத்திப் பாத்துடுவோம் மேடம்."

"இவர் வாரா வாரம் அழுத்தினாரே" என்றாள் லிஃப்ட்காரரின் மனைவி.

"எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாக்கிற டெஸ்டும் இருக்கு மேடம். அத வருஷத்துக்கு ஒரு தடவ, ரெண்டு தடவ பண்ணணும். அதுக்கு ஆள் உக்காரணும். அது தனி சார்ஜ்."

செகரட்டரி அம்மா படியில் உட்கார்ந்தபடியே யோசித்தார். சமையல் விளக்கு அவர் முகத்தில் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் வரவில்லை. கூட்டம் நடந்தது அங்கேதான். ஹாலில் நடந்தது ஒத்திகை.

"புதுப் பேட்டரி போடுங்க" என்றார் கடைசியில். "அதே பையன்கிட்டயே வாங்குங்க, லாபம் வெக்காம குடுப்பான். ஆறு மாசம் கழிச்சு உக்காந்து பாக்கணும். மூணு மணி நேரம் எரிஞ்சா இவங்க இங்கயே இருக்கட்டும். எரியலன்னா கம்பெனி." பிறகு லிஃப்ட்காரரைப் பார்த்தார். "மீட்டர் ரூம் சாவிய உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க."

"அம்மா, நான்..."

"இப்பவே."

அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். மனைவி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, விளக்கை அவர் கையில் திணித்தாள். "முன்னால போங்க. படி பாத்து எல்லாரையும் எறக்குங்க. உங்க பழைய வேலதான்."

அந்த ஆறு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்குக் கடினமாக இருந்தன. கை அரிக்கும். மீட்டர் அறை வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். மனைவி துணி மடித்துக்கொண்டே, "பூட்டியிருக்கா?" என்பாள். "பூட்டித்தான் இருக்கு" என்பார்.

சோதனைக்கு அவள் ஒரு வாரநாள் காலையைத் தேர்ந்தெடுத்தாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்க விடவில்லை; அன்று சாயங்காலம் கரண்ட் போனால் மறுபடி கிணறுதானே. ஒன்று விட்டு ஒன்றாகப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள். ஏணியைப் பிடித்தது அவள், ஏறியது அவர். மிச்சம் அடுத்த வாரம்.

லிஃப்ட்காரர் மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்து தலைக்குமேல் எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாயிற்று. பல் டாக்டர் இரண்டு முறை ஏறிப்போனார், ஒருமுறை நின்றார்.

"யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"சாகுதான்னு பாக்கறேன்."

"சாகலையே."

"சாகல" என்றார் லிஃப்ட்காரர், கொஞ்சம் பயத்தோடு.

மூன்று மணி நேரம் தாண்டியபோது செகரட்டரி அம்மா கதவைத் திறந்து வந்து நின்றார். கால் சரியாகிவிட்டது, ஆனாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மேலே பார்த்தார். கீழே எட்டிப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கிய விளக்கு ஒன்றுகூட அணையவில்லை.

"சரி" என்றார். திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவி கீழேயிருந்து ஏணியை இழுத்துக்கொண்டு வந்தாள். "அவ்வளவுதான். சொருகுங்க எல்லாத்தையும்."

"மங்கவே இல்லடி" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டா என்ன? எவ்வளவு தூரம் போகுதுன்னு ஒரே ஒரு தடவ..."

அவள் ஏணியை அவர் முன்னால் சாய்த்து வைத்தாள்.

"ஏறுங்க" என்றாள்.